லோனுக்கும் விசாவுக்கும் எச்.ஆரிடம் சம்பளச் சான்று கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேங்கில் "சாலரி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. எச்.ஆரிடம் போய் என்னன்னு கேட்கணும்?

முதலில் பேங்கிலேயே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: "அந்த லெட்டரில் என்னென்ன இருக்கணும்?" இதைக் கேட்காமல் வருகிறவர்கள்தான் இரண்டு முறை, மூன்று முறை அலைகிறார்கள்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் டைம் ஆபீஸ், இப்போது எச்.ஆர். மாதத்துக்குப் பத்துப் பேராவது இந்தச் சான்றுக்காக வருவார்கள். "ஒரு சர்டிஃபிகேட் வேணும் சார்" என்று மட்டும் சொன்னால், "இவர் எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார்" என்ற இரண்டு வரிக் கடிதம்தான் கிடைக்கும். பள்ளிக்கூடத்து போனஃபைட் மாதிரி. வீட்டு லோனுக்கு அது போதாது. விசாவுக்கு வேறு மாதிரி லெட்டர் வேண்டும். எதற்காக, யாருக்கு என்று தெரிந்தால்தான் எழுதுகிறவர் சரியாக எழுத முடியும்.

வாங்கிக் கொடுக்கப் போகிற நீங்கள் ஒன்றை மனதில் வையுங்கள். பேங்க் ஆபீசர் இந்தக் கடிதத்தை உங்கள் சம்பள சீட்டு, சம்பளம் ஏறுகிற கணக்கின் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் ஆகிய மூன்றுக்கும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார். பெயர், சேர்ந்த தேதி, தொகை மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்தால் வேலை ஓடும். ஒன்று பிசகினாலும் ஃபைல் நின்றுவிடும். கீழே வருகிற பெரும்பாலான கேள்விகள் இந்தப் பிசகைப் பற்றியவைதான்.

எழுத்தில் கேட்கணுமா? எப்படி எழுதறது?

எழுத்தில் கேளுங்கள். மெயில் இருந்தால் மெயில், இல்லையென்றால் வெள்ளைத்தாள் போதும். வாய்வார்த்தையாகச் சொன்னது ஷிப்ட் முடிவதற்குள் மறந்துபோகும். சின்னதாக இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக வேலை செய்கிறேன். டோக்கன் எண் இன்னது. வாலாஜாபேட்டையில் வீடு கட்ட இன்ன வங்கியின் இன்ன கிளையில் லோனுக்கு விண்ணப்பித்துள்ளேன். அதற்குச் சம்பளச் சான்று தேவை. வேலையில் சேர்ந்த தேதி, பதவி, நிரந்தரப் பணி என்ற விவரம், மாதச் சம்பளத்தின் பிரிவுகள், பிடித்தங்கள் தனித்தனியாக, கையில் வரும் தொகை ஆகியவை இருக்க வேண்டும் என்று வங்கியில் கேட்டிருக்கிறார்கள். ஆதாரிலும் பான் கார்டிலும் உள்ளபடி என் பெயரைக் குறிப்பிட வேண்டுகிறேன். நகல்களை இணைத்துள்ளேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இவ்வளவுதான். தேதி போட்டுக் கேளுங்கள், ஆனால் நாளைக்கே வேண்டும் என்று வந்து நிற்காதீர்கள். மாதக் கடைசியிலும் மாதத்தின் முதல் வாரத்திலும் எங்களுக்குச் சம்பளப் பட்டியல் வேலை இருக்கும். 10-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதிக்குள் கேட்டால் ஒரு நாள், இரண்டு நாளில் கைக்கு வரும். இன்னொன்று: சில பெரிய கம்பெனிகளில் ஆன்லைனிலேயே லெட்டர் இறக்கிக்கொள்ளலாம். அதில் "கையெழுத்துத் தேவையில்லை" என்று அடியில் அச்சாகியிருக்கும். உங்கள் பேங்க் கிளை அதை ஏற்குமா, மையால் போட்ட கையெழுத்தும் சீலும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு இறக்குங்கள்.

லெட்டரில் மொத்தச் சம்பளம் போடணுமா, கையில் வர்ற சம்பளம் போடணுமா?

இரண்டும் வேண்டும். நடுவில் என்னென்ன பிடிக்கிறார்கள் என்பதும் தனித்தனி வரியாக வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆள் ஒருவருக்கு நானே எழுதிக் கொடுத்த கடிதத்தால் கிட்டத்தட்ட மூன்று லட்சம் லோன் குறைய இருந்தது.

அவர் கட்டிங் சூப்பர்வைசர். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 16,500, வீட்டு வாடகைப்படி 8,000, மற்ற படிகள் 7,000. மொத்தம் 31,500 ரூபாய். பி.எஃப். 1,800 போகும். சொசைட்டியில் வாங்கிய கடனுக்கு மாதம் 4,000 பிடிப்போம். தீபாவளிக்கு வாங்கிய பண்டிகை அட்வான்ஸுக்கு 1,000. கையில் வருவது 24,700. மொத்தம் 21,000-ஐத் தாண்டிவிட்டதால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. தொழில் வரி அரை வருடத்துக்கு ஒருமுறைதான், அதனால் அந்த மாதச் சீட்டில் அதுவும் இல்லை.

நான் அவசரத்தில் "மாத நிகரச் சம்பளம் ரூ.24,700" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய் இல்லை. ஆனால் பேங்கில் என்ன நடந்தது? லோன் விண்ணப்பத்தில் "வேறு கடன் உண்டா" என்ற இடத்தில் அவர் நேர்மையாகச் சொசைட்டி லோன் 4,000 என்று எழுதியிருந்தார். அந்த வங்கியின் கணக்குப்படி எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 24,700-இல் பாதி 12,350. அதில் சொசைட்டித் தவணை 4,000-ஐக் கழித்தார்கள். மிச்சம் 8,350. 20 வருடம், 9 சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 900 ரூபாய். 8,350-க்கு 9 லட்சத்துச் சொச்சம்தான் லோன் தேறும் என்று சொல்லிவிட்டார்கள்.

பார்த்தீர்களா, அந்த 4,000 இரண்டு முறை கழிந்துவிட்டது. நான் ஒருமுறை கழித்துத்தான் 24,700 எழுதினேன். அவர்கள் மறுபடியும் கழித்தார்கள். அவர் சாயங்காலம் முகம் வாடிப்போய் வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் பிரித்து எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 31,500. கட்டாயப் பிடித்தம் பி.எஃப். 1,800. அது போக 29,700. பிறகு, ஊழியர் தானாக வாங்கிய கடனுக்கான பிடித்தம் என்று தலைப்புப் போட்டு, சொசைட்டி 4,000, பண்டிகை அட்வான்ஸ் 1,000, இந்த அட்வான்ஸ் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது என்று எழுதினேன். இப்போது பேங்க் 29,700-இல் பாதி 14,850 என்று எடுத்து, அதில் 4,000-ஐ ஒருமுறை மட்டும் கழித்தது. 10,850. முடியப் போகிற அட்வான்ஸை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. லோன் 12 லட்சம் தேறியது. சம்பளம் அதேதான், பிடித்தமும் அதேதான்.

பாதி என்கிற அளவு வங்கிக்கு வங்கி மாறும், சம்பளத்துக்கு ஏற்பவும் மாறும். ஆனால் பிடித்தங்களைக் கட்டாயமானது, தானாக வாங்கியது என்று பிரித்து எழுதச் சொல்வது எந்த வங்கிக்கும் பொருந்தும். கடிதம் கைக்கு வந்ததும், அந்த மாதச் சீட்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சம்பளம் 31,500-ன்னு லெட்டர்ல இருக்கு, ஆனா பி.எஃப். பாஸ்புக்ல 15,000-ன்னு இருக்கே, எது சரின்னு பேங்க்ல கேட்கறாங்க.

இரண்டும் சரிதான். பி.எஃப். சட்டத்தில் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். பல கம்பெனிகள் அடிப்படைச் சம்பளம் அதைவிட அதிகமாக இருந்தாலும் 15,000-க்கு மட்டும் 12 சதவீதம் கட்டும். 1,800 என்ற தொகை அங்கிருந்துதான் வருகிறது. பாஸ்புக்கில் பி.எஃப். கட்டிய சம்பளம் மட்டும்தான் தெரியும், உங்கள் முழுச் சம்பளம் தெரியாது.

இந்தத் துறையில் பழகிய ஆபீசருக்கு இது தெரியும். புதிதாக வந்தவருக்குச் சந்தேகம் வரும். அதனால் நான் இப்போது எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: "பி.எஃப். சந்தா, சட்டப்படியான உச்சவரம்பான ரூ.15,000-இன் மேல் செலுத்தப்படுகிறது." உங்கள் எச்.ஆரையும் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பாஸ்புக்கை passbook.epfindia.gov.in தளத்தில் யு.ஏ.என். எண் போட்டுப் பார்க்கலாம். உமங் செயலியிலும் வரும். லெட்டர் கேட்பதற்கு முன்பே ஒருமுறை திறந்து, சேர்ந்த தேதியையும் பாருங்கள். டிரெய்னியாகச் சேர்ந்து ஒரு வருடம் கழித்து நிரந்தரமானவர்களுக்கு இங்கே ஒரு தேதி, அங்கே ஒரு தேதி இருக்கும். அப்படியானால் இரண்டு தேதியையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்: பயிற்சியில் சேர்ந்தது இந்த நாள், நிரந்தரமானது இந்த நாள் என்று.

படிவம் 16 கேட்கறாங்க. கம்பெனியில எனக்குத் தந்ததே இல்லையே?

வருமான வரி பிடித்திருந்தால்தான் படிவம் 16 தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு உண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவும் சேர்த்து 12.75 லட்சம் வரை வரி வராது. நம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் டெய்லர், கட்டர், சூப்பர்வைசர் என்று வேலை பார்ப்பவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அந்த வரம்புக்குள் வந்துவிடுவார்கள். அதனால் கம்பெனி ஒளித்து வைத்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

சம்பளச் சான்றில் "இந்த ஊழியரின் வருமானத்தில் வரிப் பிடித்தம் இல்லாததால் படிவம் 16 வழங்கப்படவில்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே ஆறு மாதச் சம்பள சீட்டும், சம்பளம் ஏறுகிற கணக்கின் ஸ்டேட்மென்டும் வையுங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அந்த ரசீது இன்னும் வலு. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் தாக்கல் செய்யலாம். லோன் எடுக்கும் எண்ணம் இருப்பவர்கள் ஒரு வருடம் முன்பிருந்தே செய்து வைப்பது நல்லது.

சம்பள சீட்டுல அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல். லெட்டர் எந்தப் பேர்ல வாங்கணும்?

எங்கள் லைனில் தைக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. 20 வயதில் கல்யாணத்துக்கு முன் வேலையில் சேரும்போது அப்பா இனிஷியலில் பதிவாகிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரை மாற்றுகிறார்கள், கம்பெனியில் மாற்றுவதில்லை. ஆண்களுக்கும் வேறு விதத்தில் வரும்: சம்பளப் பட்டியலில் ஓர் எழுத்து இனிஷியல், பான் கார்டில் அதே இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில்.

உடனடியாகச் செய்யக் கூடியது இது. கடிதத்தை ஆதார், பான் பெயரில் எழுதி, "எங்கள் சம்பளப் பதிவேட்டில் இன்ன பெயரில் உள்ளவரும் இவரும் ஒருவரே" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். டோக்கன் எண்ணையும் யு.ஏ.என். எண்ணையும் அதிலேயே குறிப்பிட்டால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. விசாவுக்கு என்றால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து, பாஸ்போர்ட் எண்ணுடன்.

நிலையான தீர்வு, கம்பெனிப் பதிவையும் பி.எஃப். பதிவையும் ஆதாரின்படி திருத்திக்கொள்வது. இதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். லோன் தேவைப்படும்போது ஆரம்பிக்காதீர்கள். இதைப் படித்த கையோடு ஒரு மனு கொடுத்துவிடுங்கள்.

நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன். எட்டு வருஷமா இதே கேட்டுக்குள்ளதான் போறேன். கம்பெனி லெட்டர் தராதா?

இந்தக் கேள்விக்கு மனசு வருந்தித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் சம்பள சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் நிறுவனம் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் ஆவணப்படி உங்கள் முதலாளி. சம்பளச் சான்று அவர்தான் தர முடியும். கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் "எங்கள் ஊழியர்" என்று எழுதித் தந்தாலும் பாஸ்புக் வேறு பெயரைக் காட்டும், அந்த இடத்திலேயே ஃபைல் திரும்பிவிடும்.

ஆனால் கம்பெனி ஒன்று செய்யலாம். "இவர் இன்ன ஒப்பந்ததாரர் மூலம் எங்கள் வளாகத்தில் இன்ன ஆண்டிலிருந்து இன்ன வேலையில் இருக்கிறார்" என்று ஓர் இடச்சான்று தரலாம். அது உண்மை, அதில் கம்பெனிக்கு ஆபத்தும் இல்லை. கான்ட்ராக்டர் சான்று, இந்த இடச்சான்று, ஒரு வருட ஸ்டேட்மென்ட் மூன்றையும் சேர்த்து வைத்தால், தொடர்ந்து எட்டு வருடம் ஒரே இடத்தில் சம்பாதிக்கிறீர்கள் என்பது பேங்குக்குப் புரியும். நடுவில் கான்ட்ராக்டர் மாறியிருந்தால் இது இன்னும் முக்கியம். பாஸ்புக்கைப் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் மூன்று கம்பெனி மாறியவர் மாதிரித் தெரியும். இடம் மாறவே இல்லை என்று சொல்ல அந்த ஒரு கடிதம்தான் உண்டு. கம்பெனி எச்.ஆரிடம் "சம்பளச் சான்று" என்று கேட்காமல் "பணியிடச் சான்று" என்று கேளுங்கள். முதல் வார்த்தைக்கு முடியாது என்பவர்கள் இரண்டாவதற்குச் சரி என்பார்கள்.

ஓ.டி., இன்சென்டிவ் எல்லாம் சேர்த்து அதிகமாப் போட்டுத் தரச் சொல்லலாமா?

சீட்டில் ஏறி, பேங்க் கணக்கில் வந்த ஓ.டி.யும் இன்சென்டிவும் சம்பளம்தான், கட்டாயம் போடச் சொல்லுங்கள். மாதா மாதம் மாறுவதால் தனி வரியாக, "கடந்த ஆறு மாதச் சராசரி இவ்வளவு" என்று எழுத வேண்டும். சில பேங்க் அதில் ஒரு பகுதியைக் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. மொத்தச் சம்பளத்தோடு கலந்து எழுதினால் மட்டும் சிக்கல், ஏனென்றால் எந்த மாதச் சீட்டோடும் அந்தத் தொகை ஒத்துவராது.

வவுச்சரில் கையில் வாங்கிய பணத்தைச் சேர்க்க முடியாது. அதற்கு எந்தத் தடயமும் இல்லை. இல்லாத சம்பளத்தைக் கூட்டி எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களும் உண்டு. கஷ்டம் தெரிந்தவர்கள்தான், பல வருடம் பழகியவர்கள்தான். ஆனாலும் நான் எழுதுவதில்லை. ஸ்டேட்மென்டைப் பார்த்த நிமிடம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்தக் கிளையில் எங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் எது போனாலும் நம்ப மாட்டார்கள். அடுத்து வருகிற நேர்மையான 20 பேருக்கு அதுதான் கெடுதல். வெளியில் லெட்டர்ஹெட் அடித்துத் தரும் ஆட்களிடம் போனால் அது போலி ஆவணம், போலீஸ் வழக்கு வரைக்கும் போகும். வருமானம் போதவில்லை என்றால், வேலைக்குப் போகும் மனைவியையோ கணவரையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்த்து அவருக்கும் ஒரு சம்பளச் சான்று வாங்குங்கள். ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் இரண்டு பேரும் ஷூ கம்பெனிக்குப் போகிற வீடுகள் எத்தனையோ. இரண்டு சம்பளமும் சேர்ந்தால் கேட்கிற தொகை பெரும்பாலும் தேறிவிடும்.

பேங்க் ஆள் கம்பெனிக்கு வந்து விசாரிச்சிட்டு "அப்படி யாரும் இல்லை"ன்னு எழுதிட்டாராம். நான் உள்ளேதான் இருந்தேன்!

கேட்டில் நடந்திருக்கும். லெட்டர் உண்மையா என்று பார்க்க பேங்க் ஓர் ஏஜென்டை அனுப்பும், அல்லது லேண்ட்லைனில் கூப்பிடும். அவர் செக்யூரிட்டியிடம் ஆதாரில் உள்ள முழுப்பெயரைச் சொல்லிக் கேட்பார். 900 பேர் வேலை செய்கிற இடத்தில் செக்யூரிட்டிக்குத் தெரிந்தது கூப்பிடுகிற பெயர்தான். "தெரியாதுங்க" என்பார். அது "இல்லை" என்று பதிவாகும். அந்தச் செக்யூரிட்டி மேல் கோபப்பட்டுப் பயனில்லை, முன்பின் தெரியாதவரிடம் ஊழியர் விவரம் சொல்லக் கூடாது என்று நாங்களே சொல்லி வைத்திருக்கிறோம்.

இதற்கு வழி: கடிதத்திலேயே விசாரிக்க வேண்டியவரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண், அலுவலக மெயில் முகவரி இருக்க வேண்டும். லோன் விண்ணப்பத்திலும் அதே எண்ணைக் கொடுங்கள். வரவேற்பு மேசை எண்ணையோ, உங்கள் லைன் இன்சார்ஜ் செல்போன் எண்ணையோ கொடுக்காதீர்கள். விண்ணப்பம் போட்ட அன்று எச்.ஆருக்கு ஒரு வார்த்தை, கேட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஏற்கனவே தவறாகப் பதிவாகியிருந்தால், எச்.ஆர். தன் அலுவலக மெயிலிலிருந்து கிளை மேலாளருக்கு உறுதி அனுப்பி, மறு விசாரணை கேட்கலாம். நான் பலருக்கு அப்படி அனுப்பியிருக்கிறேன், சரியாகியிருக்கிறது.

விசாவுக்கும் இதே லெட்டர் போதுமா?

போதாது. பேங்க் கேட்பது இவரால் கட்ட முடியுமா என்று. தூதரகம் கேட்பது இவர் திரும்பி வருவாரா என்று. அதனால் விசா லெட்டரில் சம்பளத்தைவிட லீவுதான் முக்கியம்.

எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரு அம்மா, ஜெர்மனியில் இருக்கிற தங்கைக்குப் பிரசவம் என்று போக வேண்டியிருந்தது. தங்கை அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டார், செலவும் அவருடையது. "அப்புறம் எதுக்கு கம்பெனி லெட்டர்?" என்று கேட்டார். செலவு யாருடையதாக இருந்தாலும், இங்கே வேலை காத்திருக்கிறது என்பதைக் காட்ட அது வேண்டும். சேர்ந்த ஆண்டு, பதவி, நிரந்தரம், மாதச் சம்பளம், மே 4 திங்கள் முதல் மே 30 சனி வரை லீவு அனுமதி, ஜூன் 1 திங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினோம். லெட்டரை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் காட்டினார். பயணம் மே 2, சனிக்கிழமை. எங்களுக்குச் சனிக்கிழமை வேலை நாள். வேலை நாளில் லீவு இல்லாமல் விமானத்தில் இருப்பார் என்று காகிதம் சொல்கிறது! மே 2 முதல் என்று லீவையும் கடிதத்தையும் திருத்திக் கொடுத்தோம். பயணத் தேதிகள் முழுவதும் லீவுக்குள் அடங்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். கைவசம் இருக்கிற லீவு போதாமல் சில நாள் சம்பளமில்லா லீவாக இருந்தாலும் பரவாயில்லை, "அனுமதிக்கப்பட்ட லீவு" என்று இருந்தால் போதும்.

"இவர் கண்டிப்பாகத் திரும்பி வருவார் என்று உறுதியளிக்கிறோம்" என்று எழுதச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. எந்த எச்.ஆரும் அதை எழுத மாட்டார், எழுதவும் தேவையில்லை. இந்தப் பயணத்துக்குக் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை, இன்ன தேதியில் பணிக்குத் திரும்ப வேண்டும், இவ்வளவுதான். கடிதம் ஆங்கிலத்தில், அந்த நாட்டுத் துணைத் தூதரகத்தின் பெயருக்கு, பாஸ்போர்ட் எண்ணுடன் இருக்கட்டும். ஷெங்கன் விசா என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாளுக்கு முன். ஆனால் லெட்டரை ரொம்ப முன்னால் வாங்கி வைக்காதீர்கள், அப்பாயின்ட்மென்ட் தேதிக்கு இரண்டு வாரம் முன் வாங்கினால் தேதி புதிதாக இருக்கும். மூல லெட்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை விசா மையத்துக்குப் போய்விட்டு, ஒரு காகிதத்துக்காகத் திரும்பி வருவது ஒரு நாள் சம்பளம்.

கம்பெனி லெட்டர்ஹெட்டில் இன்னும் வேலூர் மாவட்டம்னு இருக்கு. பிரச்சினை வருமா?

2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. பழைய லெட்டர்ஹெட் கட்டுக்கட்டாக மிச்சமிருக்கிற கம்பெனிகள் உண்டு. உள்ளூர்க் கிளைகளில் யாரும் கேட்பதில்லை. சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து முகவரியை ஒப்பிடுகிறவர்கள் சில நேரம் கேட்பார்கள். கடிதத்தின் உடலில் இப்போதைய மாவட்டப் பெயரையும் பின்கோடையும் எழுதச் சொன்னால் போதும்.

ரெண்டு வாரமா "நாளைக்கு வா"ன்னு சொல்றாங்க. சட்டப்படி கேட்க முடியாதா?

சம்பள சீட்டு தருவது சட்டக் கடமை. லோனுக்காகத் தனியாக ஒரு சான்றுக் கடிதம் என்பது பெரும்பாலும் கம்பெனியின் நடைமுறைதான். அதனால் சட்டத்தை எடுத்துப் பேசுவதைவிட, எழுதிக் கொடுத்த மனுவின் நகலைக் காட்டி, தடை எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இருக்க மாட்டார், அல்லது நீங்கள் வேலையை விடப் போகிறீர்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுபோய், "சரிபார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்க சார்" என்று சொன்னால் பாதி நாள் அன்றைக்கே முடிந்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால், ஆறு மாதச் சீட்டு, ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக், அடையாள அட்டை நகல் இவற்றோடு பேங்கில் பேசுங்கள். இவை போதும் என்று சொல்கிற கிளைகள் இருக்கின்றன.

ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் கேட்டால் மட்டும், அதை மறைத்து நாங்கள் எழுத முடியாது. "இன்ன தேதி வரை பணியில்" என்றுதான் வரும். புதிய கம்பெனியில் சேர்ந்து மூன்று சம்பள சீட்டு வந்த பிறகு அங்கிருந்து வாங்குவது நல்லது.

நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட என் சம்பளச் சான்று கேட்கறான். வாங்கித் தரலாமா?

வாங்குவதற்கு முன் என் மேசைக்கு முன்னால் கொஞ்சம் உட்காருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். ஜாமீன்தாரர் என்றால் அந்தக் கடன் முழுவதுக்கும் நீங்களும் பொறுப்பு. அவர் கட்டவில்லை என்றால் பேங்க் நேராக உங்களிடம் வரும், உங்கள் கடன் வரலாற்றிலும் அது தெரியும். நாளைக்கு உங்கள் வீட்டு லோனுக்குப் போனால், அந்த ஜாமீனையும் ஒரு சுமையாகப் பார்க்கிற வங்கிகள் உண்டு.

போடுவது என்று முடிவெடுத்தால், சான்றின் தலைப்பில் "இன்னாருடைய கடனுக்கு ஜாமீன் நிற்பதற்காக மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். "பொருட்டு" என்ற இடம் காலியாக உள்ள சான்றை யாரிடமும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, சில இடங்களில் "தவணையைச் சம்பளத்தில் பிடித்து அனுப்புகிறோம்" என்று கம்பெனியிடம் உறுதிக் கடிதம் கேட்பார்கள். அது சம்பளச் சான்று இல்லை, கம்பெனி ஏற்கிற ஒரு பொறுப்பு. எங்களைப் போன்ற தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் தர மாட்டோம். இது கிடைக்காது என்பதை நண்பரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஏற்பாடு பார்க்க நேரம் இருக்கும்.